கல்யாண வீடும் கலோரிக் கணக்கும்

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



உணவும் உடல் நிறையும் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தார்கள். பரந்த பொருளை எடுத்து மேலெழுந்தவாரியாகப் பேசுவதிலும், ஒரு கல்யாண வீட்டை மட்டும் எடுத்து அதன் அடுப்படி முதல் பந்தி வரை கணக்குப் பார்ப்பது பயன்தரும் என்று எண்ணினோம். பல வாரம் முயன்று நிறையைக் குறைத்து வருகின்ற ஓர் இளைஞன், வீட்டிலே கொண்டாட்டம் வந்ததும் முயற்சி முழுவதும் பாழாய்ப் போயிற்று என்று கைவிட்டு விடுகிறான். அது மெய்யாகவே பாழாகின்றதா, எங்கே பாழாகின்றது என்பதே இன்று நாம் பார்க்கப் போவது.

எம்முடன் பல்கலைக்கழகத்திற் படிக்கும் நண்பர் ஒருவரின் கணக்குப் புத்தகம் எமக்குக் கிடைத்தது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையுடன் அதனை இங்கே விரித்துச் சொல்ல இசைந்தார். தொடக்கத்தில் அவர் நிறை 82 கிலோ. பத்து வாரம் நாளொன்றுக்கு 1800 கலோரி அளவில் உண்டு 77.9 கிலோவுக்கு வந்திருந்தார். அவ்வேளையில் தமக்கையாரின் கல்யாணம் வந்தது. நல்லூர்த் தீர்த்தம் முடிந்த அடுத்த கிழமை, ஆவணி முகூர்த்தம்.

முதலில் கணக்கின் அடிப்படையைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். மாப்பொருளும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி வீதமும், கொழுப்பு 9 கலோரி வீதமும் தருமென்பது அமெரிக்க இரசாயன அறிஞர் அற்வாற்றர் அமைத்துத் தந்த கணக்கு. இன்றும் அதுவே வழக்கில் இருக்கின்றது. உடற்கொழுப்பு ஒரு கிலோ குறைய ஏறக்குறைய 7700 கலோரி துண்டு விழ வேண்டும். 1958ஆம் ஆண்டில் விஷ்னொவ்ஸ்கி என்னும் வைத்தியர் இறாத்தலுக்கு 3500 என்று எழுதியதன் கிலோக் கணக்கே இது. நிறை குறையக் குறைய உடலின் தேவையும் குறைந்துவிடுவதால், ஆண்டுக் கணக்கில் இதைப் பெருக்கிப் பார்த்தால் பிழைக்கும். ஒரு வாரம், இரண்டு வாரம் என்ற சிறு கணக்குக்குப் போதுமானது.

இனி, உடலுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை எப்படி அறிவது? புத்தகத்திலுள்ள அட்டவணையைக் காட்டிலும் தன் குறிப்பே நம்பத்தக்கது. நண்பர் தினமும் உண்பதை எழுதி வந்தார். நிறையும் பார்த்து வந்தார். எழுதிய கணக்கு 1800. நிறையோ வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. அஃதாவது வாரத்துக்கு 3500, நாளுக்கு 500 துண்டு விழுகின்றது. ஆகவே நிறை ஏறாமலும் இறங்காமலும் நிற்க அவருக்கு 2300 வேண்டும். நாம் உண்பதை எழுதும்போது எல்லாரும் கொஞ்சம் குறைத்தே எழுதுவோம். அது மனித சுபாவம். ஆனால் எப்போதும் ஒரே விதமாகக் குறைத்து எழுதினால் இந்த முறையிற் பெரும் பிழை நேராது.

இப்போது கல்யாண வீட்டுக்குள் நுழைவோம். கல்யாணம் என்றால் ஒரு நாட் சாப்பாடு என்று எண்ணுவதே முதற் தவறு. எங்கள் பகுதியில் அது பலகாரச் சூட்டில் தொடங்கி நாலாம் சடங்கில் முடிகின்றது. நண்பர் வீட்டில் வியாழக்கிழமை பலகாரச் சூடு, ஞாயிற்றுக்கிழமை தாலிகட்டு, புதன்கிழமை நாலாம் சடங்கு. வியாழன் முதல் புதன் வரை சரியாக ஏழு நாள். இந்த ஏழு நாளையும் ஒரே வரவு செலவாக எடுத்ததுதான் அவர் செய்த நல்ல காரியம்.

அந்த வாரத்தில் நிறை குறைய வேண்டுமென்று அவர் ஆசைப்படவில்லை. ஏறாமல் நின்றாற் போதும் என்று முடிவு செய்தார். ஏறாமல் நிற்க 7 நாளுக்கு 16,100 கலோரி இடமுண்டு. சடங்கில்லாத வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய் நான்கு நாளும் வழமைபோல 1800 என்றால் 7200 ஆகும். மிகுதி 8900 மூன்று சடங்கு நாளுக்கும் கிடைக்கிறது. பலகாரச் சூட்டுக்கு 2500, தாலிகட்டு நாளுக்கு 3400, நாலாம் சடங்குக்கு 3000 என்று பிரித்துக்கொண்டார். இதற்காக எந்த நாளும் பட்டினி கிடக்கவில்லை என்பதைச் சபையோர் கவனிக்க வேண்டும். பத்து வாரத்து வேலை பதினொரு வாரமாகும், அவ்வளவுதான்.

பலகாரச் சூட்டை முதலில் எடுப்போம். ஆபத்து அதிகமுள்ள இடம் அதுதான். பந்தியில் உட்கார்ந்து உண்பதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. தாச்சியடியில் நின்றுகொண்டு தின்பதற்கு அவை இரண்டும் இல்லை. ஊர்ப் பெண்களெல்லாம் கூடிவிடுவார்கள். ஒருவர் பாகு பதம் பார்ப்பார், ஒருவர் உரலோடு முறுக்குப் பிழிவார், "தம்பி, இது உடைஞ்சு போச்சு, நீ வாயிலை போடு" என்று ஒரு மாமி நீட்டுவார். உடைந்த பலகாரத்துக்குக் கலோரி இல்லை என்பது கல்யாண வீடுகளிலே நிலவும் ஒரு நம்பிக்கை.

ஓர் அரியதரத்தின் மதிப்பென்ன? நண்பர் வீட்டில் நிறுத்தே பார்த்தார்கள். அரிசிமா 1 கிலோ ஏறக்குறைய 3600 கலோரி. சீனி முக்காற் கிலோ 3000. சுடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணெயை நிறுத்தபோது 300 கிராம் குறைந்திருந்தது, அது 2700. ஆக 9300. வந்த அரியதரம் 55. ஒன்றுக்கு ஏறக்குறைய 170 கலோரி, நிறை 40 கிராம் அளவு. கைக்குள் அடங்கும் ஒரு பண்டம், ஒரு கோப்பைச் சோற்றுக்குக் கிட்டிய சக்தியைக் கொண்டிருக்கின்றது. பயற்றம் உருண்டை பயறு என்பதால் இலேசானது என்று பலர் நினைப்பதுண்டு. பயறு நல்லதுதான். ஆனால் வறுத்த தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்ந்து, மாவில் தோய்ந்து எண்ணெயில் மிதந்தபின் அதுவும் ஒன்றுக்கு 150 அளவில் வந்து நிற்கும். முறுக்கு 50 கிராம், அஃதாவது ஒரு பிடி, 250.

மூன்று அரியதரம், இரண்டு பயற்றம் உருண்டை, ஒரு பிடி முறுக்கு என்று போகிற வருகிற போக்கில் எடுத்தால் 1060 கலோரி ஆகிவிடுகிறது. இவ்வளவும் இராச் சாப்பாட்டுக்கு மேலதிகம். நண்பர் என்ன செய்தாரென்றால், ஒரு தட்டை எடுத்து நான்கு பலகாரங்களை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து தேநீருடன் உண்டார். 700க்குள் அடங்கியது. அதன்பின் மா அரிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். இரண்டு கையும் மாவாக இருக்கும்போது ஒருவரும் பலகாரம் நீட்ட மாட்டார்கள்!

தாலிகட்டு நாளுக்கு வருவோம். பந்தியில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட வேண்டுமென்று காலையில் ஒன்றும் உண்ணாமல் இருப்பது எங்கள் இளைஞரிடையே வழக்கம். கணக்குப்படி அது சரிபோலத் தோன்றும். நடைமுறையில் நடப்பதோ வேறு. முகூர்த்தம் முடிந்து பந்தி கூடும்போது பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணியாகிவிடும். அதற்குள் பசி எல்லை மீறிவிடுகிறது. இலை முன் உட்கார்ந்தவன் முதல் ஐந்து நிமிடத்தில் வேகமாக உண்பதை வயிறு மூளைக்கு அறிவிக்கும் முன் இரண்டாம் முறைச் சோறு வந்துவிடும். ஆதலின் நண்பர் காலையில் அவித்த பயறும் சிறிது தேங்காய்ப்பூவுமாக 300 கலோரி அளவில் உண்டார். பயற்றின் புரதமும் நாரும் மத்தியானம் வரை தாக்குப் பிடிக்கும்.

பந்தியை நாம் இலையிலே வைத்து எண்ணுவோம். சோறு 350 கிராம் 455. நெய் விட்ட பருப்பு 160. பூசணி, கத்தரிக்காய், பலாக்காய் என மூன்று பால்கறி 330. உருளைக்கிழங்குப் பிரட்டல் 150. அப்பளம் இரண்டு 90. வடை ஒன்று 140. பாயாசம் ஒரு கிண்ணம் 250. தயிரும் இரசமும் 75. பழம் 50. மொத்தம் 1700. கைபாகத்துக்கு ஏற்ப இருநூறு கூடலாம், குறையலாம். இதைவிட நுணுக்கமாகக் கல்யாண இலையை எவரும் எண்ண முடியாது.

இதிற் சோற்றின் பங்கு கால்வாசியைச் சற்றே தாண்டுகிறது. ஆயினும் எங்கள் ஆட்கள் பழி போடுவது சோற்றின்மேல்தான். "நான் சோத்தைக் குறைச்சிட்டன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது வடையையும் இரண்டாவது கிண்ணப் பாயாசத்தையும் வாங்குவார்கள். அவை இரண்டும் 390. முதற்பால் 100 மில்லிலீற்றரில் 200 கலோரிக்கு மேல் இருக்கும் என்பதால், கெட்டியான பால்கறியின் குழம்பை அள்ளி ஊற்றுவதும் அப்படியே. கறித்துண்டை எடுத்துக் குழம்பைக் குறைவாக விடச் சொன்னாலே ஓர் அரியதரத்தின் சக்தி மிச்சமாகும்.

பரிமாறுவோரை மறுப்பதில் ஒரு நயமிருக்கின்றது. "போதும்" என்ற சொல்லைக் கல்யாணப் பந்தியில் எவரும் சொல்லாக எடுப்பதில்லை. அது மரியாதைக்குச் சொல்வதென்றே கொள்வார்கள். இலை வெறுமையாகக் கிடந்தாற் கேளாமலே விழும். "இது முடியட்டும் மாமி, பிறகு வாங்கிறன்" என்று சொன்னால் மாமிக்கும் மனம் நோகாது, அவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். இலையின் ஓரத்திலே கொஞ்சம் சோற்றையும் ஒரு கறியையும் கடைசி வரை விட்டு வைப்பதும் உதவும். நண்பர் இரசத்தைக் கேட்டு வாங்கி மெல்ல உண்டார். சம்பந்தி வீட்டார் எழும்பும் வரை எழும்ப முடியாத இடத்தில், மெல்ல உண்பவனுக்கே வெற்றி.

அன்றைய மிகுதியையும் சொல்லிவிடுவோம். வாசலிற் கொடுத்த இனிப்புப் பானம் 120, மாலையில் கேக்கும் பலகாரமும் 400, இரவு இடியப்பமும் சொதியும் சம்பலும் 700, எழுத மறந்ததற்கென்று 180 ஒதுக்கம். காலை 300, பந்தி 1700 சேர 3400.

நாலாம் சடங்கு மச்சச் சாப்பாடு. ஆட்டிறைச்சியும் மீன் பொரியலும் புரதம் மிகுந்தவை. சீக்கிரம் வயிறு நிறையும். எண்ணெய்தான் எச்சரிக்கைக்குரியது. கறியின்மேல் மிதக்கும் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. அதற்குமேல் அந்நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, முயற்சியைக் கைவிடச் செய்கின்ற அந்தக் கொடிய காட்சி. திங்கட்கிழமை காலை நண்பர் தராசில் ஏறினார். 79.6 கிலோ. ஒரே நாளில் 1.7 கிலோ கூடிவிட்டது! மூன்று நான்கு வாரத்து உழைப்பு ஓர் இலையில் போனதென்று எவருக்கும் தோன்றும். கணக்கைக் கேட்போம். 1.7 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேலாக 13,000 கலோரி உண்டிருக்க வேண்டும். அவர் தேவைக்கு மேலாக உண்டது 1100. அதில் ஏறக்கூடிய கொழுப்பு 140 கிராம் அளவு. மிகுதி என்ன?

நீர்தான், பெரும்பாலும். குறைவாக உண்டு வந்த உடலிலே ஈரலும் தசையும் சேமிக்கும் மாச்சத்தாகிய கிளைக்கோஜன் குறைந்திருக்கும். சோறும் இனிப்பும் வந்ததும் அது நிரம்பும். ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் ஏறக்குறைய 3 கிராம் நீர் சேர்ந்தே தங்கும். 300 கிராம் நிரம்பினால் நீருடன் 1.2 கிலோ. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாவற்றிலுமுள்ள உப்பு இன்னும் கொஞ்சம் நீரைப் பிடித்து வைக்கும். குடலில் இன்னும் கழியாத உணவும் நிறைதானே.

கொழுப்பா நீரா என்று அறிய வழியுண்டு. தினமும் காலைக்கடன் முடித்து, உண்ணும் முன் நிறை பார்த்து, ஏழு நாட் சராசரியை மட்டும் ஒப்பிட வேண்டும். நீரென்றால் வழமையான உணவுக்குத் திரும்பிய நாலைந்து நாளில் இறங்கத் தொடங்கும். இரண்டு வாரத்துச் சராசரி இறங்காமல் நின்றால், இடுப்பளவும் கூடியிருந்தால், அது கொழுப்பே. நண்பருக்குத் திங்கட்கிழமை பட்டினி கிடக்க வேண்டுமென்று கை துடித்தது. பட்டினி கிடந்திருந்தால் செவ்வாய் இரவு பலகாரத் தகரம் காலியாகியிருக்கும். அவர் 1800ஐயே உண்டார்.

கணக்கை மீறியே போனார் என்று வைத்துக்கொண்டாலும் பார்ப்போம். மூன்று சடங்கு நாளும் 4000 வீதம் உண்டிருந்தால் வாரம் 19,200. தேவையை விட 3100 அதிகம். 400 கிராம் கொழுப்பு. ஒரு வாரத்து முன்னேற்றத்துக்கும் குறைவு. அப்படியானால் பல வாரத்து வேலையை அழிப்பது கல்யாணமன்று. கல்யாணத்துக்குப் பின் வரும் இருபது நாளே.

இதற்கு ஓர் அயல்நாட்டுச் சான்றும் உண்டு. அமெரிக்காவிலே வளர்ந்தோர் 195 பேரின் நிறையை நத்தார் காலத்துக்கு முன்னும் பின்னும் அளந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் தமக்கு மெய்யாக ஏறியதைவிட மிக அதிகமாக ஏறியிருக்கும் என்று நினைத்திருந்தனர். சராசரியாக ஏறியதோ 0.37 கிலோ. சிறிதுதான். ஆனால் ஏறிய அந்தச் சிறிதும் அடுத்த ஆண்டில் பெரும்பாலும் இறங்கவில்லை. ஆண்டுதோறும் அது படிந்துகொண்டே போகும்.

எங்கள் வீடுகளில் அது படியும் இடம் பலகாரத் தகரம். பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் மிஞ்சியதும், உறவினர் கொண்டுவந்ததும் குசினித் தட்டில் இருக்கும். தேநீருடன் நாளுக்கு மூன்று என்றால் 500 கலோரி. நண்பர் நாளாந்தம் துண்டு விழச் செய்யும் 500ஐ அது அப்படியே நிரப்பிவிடும். நிறை ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது. "கல்யாணத்தோடை எல்லாம் நின்று போச்சு" என்று சொல்லத் தோன்றும். நண்பரின் தாயார் நாலாம் சடங்கு முடிந்த மறுநாளே தகரங்களை எண்ணிப் பகிர்ந்து அயலுக்கும் உதவி செய்தவர்களுக்கும் அனுப்பிவிட்டார். வீட்டில் ஒரு சிறு பேணி மட்டும் நின்றது. அதிலிருந்து எடுத்தவற்றை நண்பர் நாளுக்கு ஒன்றாக 1800க்குள்ளேயே எழுதினார்.

நல்லூர்த் திருவிழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி இருபத்தைந்து நாள் நடக்கும் அந்த விழாவிலே ஒருபொழுது விரதம் இருப்போர் பலர். விரதத்தில் மிச்சம் பிடித்துக் கல்யாணத்திற் செலவிடலாம் என்று சிலர் விளையாட்டாகச் சொல்வார்கள். விரதத்தின் நோக்கம் வேறு. அதைத் தராசில் வைப்பது எமக்கு உவப்பன்று. கணக்கிலும் அது தேறாது. முதற் சில நாளில் தராசு காட்டும் இறக்கம், முன் சொன்ன கிளைக்கோஜனும் நீரும் இறங்கியதே. ஒருபொழுதுச் சோறு இரட்டிப்பாகி, மாலையில் கோவில் வீதியிலே கடலையும் ஐஸ்கிறீமும் சேருமானால் துண்டு விழுவதும் நின்றுவிடும். விரதகாரர் பருப்பு, பயறு, தயிர் ஆகியவற்றைத் தம் ஒரு வேளையில் நிறைவாகச் சேர்ப்பது நல்லது. இல்லையேல் தசையும் சேர்ந்து குறையும்.

பெரியோர்கள் முன் இதையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். நீரிழிவுக்கு இன்சுலின் போடுவோரும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்போரும் பந்தியை எதிர்பார்த்து வேளை தவறவிடக் கூடாது. முகூர்த்தம் பிந்தும், கைநடுக்கமும் வியர்வையும் மயக்கமும் பந்திக்கு முன்னரே வந்துவிடும். அவர்களும், கர்ப்பிணிகளும், வளரும் பிள்ளைகளும் இந்தக் கணக்கைத் தாமாகக் கைக்கொள்ளாமல் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

நண்பரின் புத்தகத்தின் கடைசிப் பக்கம் இது. கல்யாணத்துக்கு முந்திய வாரச் சராசரி 77.9. நாலாம் சடங்குக்கு மறுநாட் காலை 79.9. அதற்கடுத்த வாரச் சராசரி 78.2. அதற்கும் அடுத்த வாரம் 77.4. அப்பக்கத்தின் கீழே, மார்கழியில் சிற்றப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா இல்லை, தைப்பொங்கலுக்கு மறுநாள்தான் என்று குறித்து, ஏழு நாளுக்குக் கோடு கிழித்து வைத்திருக்கிறார்.